வரம்புள்ள கிடங்கில் பல பொருள்களின் கொள்முதல் அளவு: ஒற்றைப் பெருக்கியின் இரு பயன்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கிடங்கில் பல பொருள்களை இருப்பு வைக்கும்போது அவற்றின் சிக்கனக் கொள்முதல் அளவுகள் எல்லாம் சேர்ந்து கிடங்கின் பரப்பைக் கடந்துவிடுவதுண்டு. அப்போது எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைப்பது எளிய வழி. அவ்வழி எந்நிலையில் சரியானது, எந்நிலையில் இழப்பைத் தருவது என்பதையும், லாக்ராஞ்சு பெருக்கி அதற்கு மாற்றாக எவ்வாறு அமைகிறது என்பதையும் மளிகை மொத்த வணிகக் கிடங்கு ஒன்றின் மாதிரிக் கணக்கைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிக்கனக் கொள்முதல் அளவு, இருப்புச் செலவு, கிடங்குப் பரப்பு, லாக்ராஞ்சு பெருக்கி, நிழல் விலை.

முன்னுரை

ஒரு பொருளை ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்னும் வினாவுக்கு ஃபோர்டு டபிள்யூ. ஹாரிஸ் 1913ஆம் ஆண்டில் விடை தந்தார். அடிக்கடி வாங்கினால் ஆணைச் செலவு ஏறும்; மொத்தமாக வாங்கினால் இருப்புச் செலவு ஏறும். இவ்விரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும். ஆண்டுத் தேவையை D, ஓர் ஆணைக்குரிய செலவை K, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்கும் செலவை h எனக் கொண்டால் சிக்கனக் கொள்முதல் அளவு √(2KD/h) ஆகும்.

இச்சூத்திரம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நோக்குகிறது. பக்கத்து அடுக்கில் வேறொரு பொருள் இருப்பதை அது அறியாது. கிடங்கில் இடம் தாராளமாக உள்ளவரை இதனால் தீங்கில்லை. இடம் போதாதபோதுதான் ஒரு பொருளுக்குத் தரும் ஒவ்வொரு சதுர அடியும் மற்றொன்றிடமிருந்து எடுக்கப்படுவதாகிறது. ஹாட்லி, விட்டின் ஆகியோர் 1963இல் வெளியிட்ட இருப்பு அமைப்புகள் பற்றிய நூல் இச்சிக்கலை லாக்ராஞ்சு பெருக்கியின் துணையுடன் ஆராய்கிறது.

மாதிரிக் கிடங்கு

மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம். இங்குத் தரப்படும் எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. ஓர் ஆணைக்கு வண்டி வாடகை, இறக்குகூலி, கணக்கெழுத்து ஆகியன சேர்ந்து ரூ.400 ஆகிறது. இருப்புச் செலவு விலையில் ஆண்டுக்கு 20 விழுக்காடு.

முந்திரிப்பருப்பு ஒரு டின் ரூ.8,000. ஆண்டுக்கு 800 டின் விற்கிறது. அடுக்கி வைத்தால் டின் ஒன்றுக்கு அரைச் சதுர அடி தரை போதும். துவரம்பருப்பு ஒரு மூட்டை ரூ.6,000. ஆண்டுக்கு 5,400 மூட்டை போகிறது. மூட்டை ஒன்றுக்கு 1 சதுர அடி. பொரி மூட்டை ரூ.600தான், ஆண்டுத் தேவை 1,500. ஆனால் பருத்த மூட்டை. உயரமாக அடுக்கவும் இயலாது. அதனால் ஒன்றுக்கு 2 சதுர அடி வேண்டும்.

ஹாரிஸ் சூத்திரப்படி முந்திரி 20 டின், துவரம்பருப்பு 60 மூட்டை, பொரி 100 மூட்டை என அமையும். இவற்றுக்கு முறையே 10, 60, 200 என மொத்தம் 270 சதுர அடி தேவை. ஆண்டுச் செலவு ரூ.1,16,000. கிடங்கிலோ 180 சதுர அடிதான் உள்ளது.

ஒரே விகிதத்தில் குறைத்தல்

180ஐ 270ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. எல்லா அளவுகளையும் இதனால் பெருக்கினால் முந்திரி ஏறத்தாழ 13, துவரம்பருப்பு 40, பொரி 67 என்றாகி, கிடங்கு சரியாக நிரம்பும். ஆண்டுச் செலவு ரூ.1,25,667 ஆகிறது. அதாவது இட நெருக்கடிக்கு ஆண்டுதோறும் ரூ.9,667 விலை தருகிறோம்.

இவ்வழி நியாயமானதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இடத்திற்குப் பதிலாக முதலீட்டுப் பணம் வரம்புடையதாக இருந்தால், ஒரே விகிதத்தில் குறைப்பதே துல்லியமான தீர்வு. அங்கு ஓர் அலகு விழுங்கும் பணம் அதன் விலை. இருப்புச் செலவும் விலையில் ஒரு விழுக்காடு. ஆகவே இரண்டும் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே விகிதத்தில் நிற்கின்றன. பரப்புக்கு அவ்விதி பொருந்த வேண்டுமானால் பரப்பும் இருப்புச் செலவும் அவ்வாறே ஒரே விகிதத்தில் நிற்க வேண்டும். ஏறத்தாழ ஒரே விலையுள்ள பல அரிசி வகைகளை ஒரே அளவுச் சாக்குகளில் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். நமது கிடங்கில் அது பொருந்தாது: ரூபாய் அளவிலான இருப்புச் செலவுடன் ஒப்பிட்டால் பொரி பிடிக்கும் இடம் முந்திரி பிடிப்பதைப்போல் 53 மடங்கு. எனவே எதையும் கணக்கிடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் f/h என்னும் விகிதத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அவை நெருங்கியிருந்தால் மேற்கொண்டு உழைக்க வேண்டியதில்லை.

பரப்புக்கு ஒரு விலை

மாற்றுவழி இதுதான். சதுர அடி ஒன்றுக்கு ஆண்டுக்கு θ ரூபாய் எனக் கற்பனையான ஒரு வாடகையை எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக விதிக்கிறோம். f என்பது ஓர் அலகுக்குரிய பரப்பு. அப்போது ஒவ்வொரு பொருளின் அளவும் பின்வருமாறு மாறும்:

```
Q = √( 2KD / (h + 2θf) )
```

பகுதியில் 2 வருவது சிலருக்கு ஐயம் தரலாம். இருப்பு நாள்தோறும் குறைவதால் இருப்புச் செலவு சராசரியாகப் பாதி அளவுக்கே ஏற்படுகிறது. இடமோ சரக்கு வந்திறங்கும் நாளில் முழு அளவுக்கும் வேண்டும். அந்த வேறுபாடே 2 ஆகத் தோன்றுகிறது.

இங்கும் பெருக்கி ஒன்றுதான். ஆனால் அது அளவுகளை நேரடியாகப் பெருக்குவதில்லை; செலவுக்குள் புகுந்து, இடத்தை அதிகம் விழுங்கும் மலிவான பொருளை மிகுதியாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் குறைக்கிறது.

θவின் மதிப்பைக் கண்டறியத் தனிச் சூத்திரம் கிடையாது. தேடியே காண வேண்டும். θ ஏறினால் தேவைப்படும் பரப்பு தவறாமல் இறங்கும் என்பதால் தேடல் எளிது. θ = 0 எனில் 270 சதுர அடி. θ = 100 எனில் 161; இது மிகுதியான குறைப்பு. நடுவே 50ஐ எடுத்தால் 190, போதவில்லை. 75இல் 173, 62.5இல் 181. 64இல் 179.8 கிடைக்கிறது, நிறுத்திக்கொள்ளலாம். விரிதாளில் இது ஐந்து நிமிட வேலை.

θ = 64 எனும்போது, முழு எண்ணாக்கினால் முந்திரி 20 டின், துவரம்பருப்பு 57 மூட்டை, பொரி 56 மூட்டை. பரப்பு 179 சதுர அடி. முந்திரி அசையவே இல்லை. துவரம்பருப்பு மூன்று மூட்டை மட்டுமே இழந்தது. குறைப்பின் பெரும்பங்கைப் பொரி ஏற்றது. ஆண்டுச் செலவு ரூ.1,18,169. இட நெருக்கடியின் விலை ரூ.9,667இலிருந்து ரூ.2,169ஆக இறங்கிவிட்டது. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை ஆணைகளின் எண்ணிக்கை காட்டும். விகிதக் குறைப்பில் துவரம்பருப்புக்கு மட்டும் ஆண்டுக்கு 135 முறை வண்டி வர வேண்டும். இங்கு 95 முறை போதும். மூன்று பொருள்களுக்கும் சேர்த்து 218 ஆணைகள் 162ஆகக் குறைகின்றன.

வாடகை முடிவு

θ வெறும் கணக்குக் கருவி அன்று. இன்னும் ஒரு சதுர அடி கிடைத்தால் ஆண்டுச் செலவு எவ்வளவு குறையும் என்பதே அதன் பொருள். பொருளியலார் இதனை நிழல் விலை என்பர். அடுத்த கட்டடத்தில் சதுர அடி மாதம் ரூ.6க்கு, அதாவது ஆண்டுக்கு ரூ.72க்கு இடம் கிடைக்கிறது எனக் கொள்வோம். நமது θ 64. எனவே ஒரு சதுர அடிகூட எடுக்கத் தேவையில்லை.

விகிதக் குறைப்பைப் பின்பற்றுபவர் வேறு முடிவுக்கு வருவார். 90 சதுர அடி கூடுதலாக எடுத்தால் ரூ.9,667 மிச்சம், வாடகை ரூ.6,480 மட்டுமே என அவர் கணக்கிடுவார்; இடத்தையும் எடுத்துவிடுவார். அவருக்குத் தேவைப்பட்டது இடம் அன்று. இருந்த இடத்தைச் சரியாகப் பங்கிடுவதே. சரியாகப் பங்கிட்டபின் அந்த 90 சதுர அடி மிச்சப்படுத்துவது ரூ.2,169தான். ஆண்டுக்கு ரூ.4,311 நட்டம், அது நட்டம் என்று தெரியாமலேயே தொடரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல நிறுவனங்களின் கணக்குகளில் இருப்புச் செலவு விழுக்காட்டுக்குள் கிடங்கு வாடகையும் அடங்கியிருக்கும். ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்த கிடங்கின் வாடகை, மூட்டை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மாறாது. அதனை h இலிருந்து நீக்கிவிட வேண்டும். நீக்காமல் θவையும் சேர்த்தால் இடத்திற்கு இருமுறை விலை வைத்ததாகும். கணக்கில் வரும் θவும் உண்மையைவிடக் குறைந்து காட்டும்.

கணக்கின் எல்லைகள்

இம்முறை எல்லாச் சரக்கும் ஒரே நாளில் வந்திறங்கக்கூடும் என எண்ணி இடம் ஒதுக்குகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தரையில் கோடிட்டுத் தனி இடம் குறித்துள்ள கிடங்குக்கு இது முற்றிலும் பொருந்தும். காலியான எந்த இடத்திலும் எதையும் அடுக்கும் கிடங்குக்கு இது தேவைக்கு மீறிய கட்டுப்பாடு. பெரும்பாலான நாள்களில் கிடங்கு பாதி காலியாகத் தெரிந்தால், வரவுகளை நாள் பிரித்து அமைப்பதே கூடுதல் பயன் தரும். அது வேறொரு கணக்கு. அதுபோலவே மூன்று பொருள்களும் ஒரே வண்டியில் ஒரே இடத்திலிருந்து வந்தால் ரூ.400 பொதுச் செலவாகிவிடும். அங்கு மேற்கண்ட சூத்திரமே செல்லாது.

நடைமுறையில் அடிக்கடி விடுபடுவது காப்பிருப்பு. தேவை திடீரென ஏறினாலும் வரவு தாமதமானாலும் சமாளிக்க வைத்திருக்கும் அச்சரக்கு எப்போதும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எனவே அதற்குரிய பரப்பை முதலில் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டுமே பங்கிட வேண்டும். நமது கிடங்கில் காப்பிருப்பு 30 சதுர அடி எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 150. அப்போது θ 64இலிருந்து 132ஆக ஏறுகிறது. வாடகை முடிவும் மாறிவிடுகிறது: சதுர அடிக்கு ரூ.72 என்பது இப்போது இலாபமான விலை. ஆனால் எவ்வளவு எடுப்பது? θ 72ஆக இறங்கும்வரை எடுக்கலாம். θ = 72 எனில் மூன்று பொருள்களுக்கும் 175 சதுர அடி வேண்டும். காப்பிருப்போடு 205. ஆகவே கூடுதலாக எடுக்க வேண்டியது 25 சதுர அடி மட்டுமே.