வெளிநாட்டுக் கடையில் ரூபாய் பில்

சிங்கப்பூரில் ஒரு மின்சாதனக் கடை. கேமராவின் விலை 400 சிங்கப்பூர் டாலர். சென்னையில் வாங்கிய கிரெடிட் கார்டை மெஷினில் செருகியதும் திரையில் இரண்டு தொகைகள் வருகின்றன: `SGD 400.00`, `INR 27,600.00`. எது வேண்டும் என்று மெஷின் கேட்கிறது. ஆனால் பல கடைகளில் இந்தத் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்புவதே இல்லை. கல்லாவில் இருப்பவரே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின் நம்பர் போடச் சொல்லி மெஷினை நீட்டுகிறார். இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர்.

நம் கார்டு இந்தியக் கார்டு என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? கார்டு எண்ணின் முதல் ஆறு முதல் எட்டு இலக்கங்களே கார்டு கொடுத்த வங்கியை அடையாளம் காட்டிவிடும். அதை வைத்து நாடும் நாணயமும் தெரிந்துவிடுகின்றன.

வழக்கமான முறையில் கடைக்காரரின் வங்கி 400 டாலர் என்று மட்டுமே விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ அனுப்பும். ரூபாயாக மாற்றுவதை அந்த நிறுவனம் தன் அன்றாட விகிதத்தில் செய்யும். அந்த விகிதம் மொத்தச் சந்தை விலைக்கு மிக அருகில் இருக்கும். அதன் மேல் நம் வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைச் சேர்க்கும். டிசிசியில் இந்த வரிசையே மாறிவிடுகிறது. கடைக்காரரின் வங்கியோ, அது அமர்த்திய நிறுவனமோ, கடையிலேயே தொகையை ரூபாயாக்கிவிடுகிறது. என்ன விகிதம் என்பதையும் அவர்களே வைக்கிறார்கள். சந்தை விலைக்கு மேல் வரும் இலாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. கல்லாவில் ரூபாய் பொத்தான் மேல் இத்தனை அக்கறை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் கேமராவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அன்றைக்கு விசாவின் விகிதம் ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலரிலேயே செலுத்தியிருந்தால் 26,000 ரூபாய். வங்கியின் கட்டணம் 3.5 விழுக்காடு என்றால் 910 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சுமார் 164 ரூபாய். மொத்தம் 27,074. கடை போட்ட விகிதமோ 69 ரூபாய், அதனால் 27,600. வித்தியாசம் வெறும் 526 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. ரூபாயிலேயே செலுத்தியிருந்தாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால், நம் நாட்டின் பல வங்கிகள் டிசிசிக்கென்று தனிக் கட்டணம் பிடிக்கின்றன. அது ஒரு விழுக்காடு என்றால் 276 ரூபாய், ஜிஎஸ்டியோடு 326. ஆக 27,926 ரூபாய். அந்நியச் செலாவணிக் கட்டணமே இல்லாத கார்டு என்று தேடி வாங்கி வைத்திருப்பவருக்கு இழப்பு இன்னும் பெரிது: 26,000 ரூபாயில் முடிய வேண்டிய செலவில் ஏறக்குறைய 1,900 ரூபாய் கூடுதலாகப் போகிறது. "உங்க ஊர்ப் பணத்திலேயே கட்டிட்டா எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது" என்று கல்லாவில் சொல்வதை இதனால்தான் நம்பக் கூடாது.

டிசிசி சட்டவிரோதம் அல்ல. கூடுதல் விகிதம் வைப்பதும் தவறில்லை. வாடிக்கையாளரிடம் கேட்காமல் செய்வதுதான் தவறு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளுமே, எந்த நாணயம் என்று முடிவு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கே உண்டு என்கின்றன. அவருக்காகக் கடை ஊழியர் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டு தொகைகளும் மாற்று விகிதமும் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே நாமே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு விகிதம் மோசம் என்று புகார் செய்தால் அது நிற்காது. கேட்கவே இல்லை, அல்லது வேண்டாம் என்று சொல்லியும் செய்தார்கள் என்றால்தான் வழக்கு இருக்கிறது.

நடந்துவிட்டதை உடனே கண்டுபிடிக்க எளிய வழி, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி. டாலரில் போயிருந்தால் பெரும்பாலும் டாலர் தொகையே வரும். சிங்கப்பூரில் நிற்கும்போது `INR 27,600` என்று வந்தால் மாற்றம் கடையிலேயே நடந்துவிட்டது என்று பொருள். கார்டுச் சீட்டில் மாற்று விகிதமும், நாணயத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு வாய்ப்பு தரப்பட்டது என்ற பொருளில் ஒரு வாசகமும் அச்சாகியிருக்கும். அந்த வாசகத்தைப் பொடி எழுத்து என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் கடைக்காரரின் வங்கி முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

கடையை விட்டு வெளியேறும் முன் கண்டுபிடித்தால் வேலை சுலபம். "வாய்டு செய்துவிட்டு டாலரில் மறுபடி போடுங்கள்" என்று கேளுங்கள். அன்றைய கணக்கைக் கடை முடிக்கும் வரை ரத்து செய்வது சில நொடி வேலைதான். ரத்தான சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ரீஃபண்ட் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது தனிப் பரிவர்த்தனை, வேறு விகிதத்தில் வந்து அதிலும் நஷ்டம் ஏற்படலாம். மெஷினால் முடியாது என்று மறுத்தால், கடையின் சீட்டிலும் நம் சீட்டிலும் "டாலரில் செலுத்த வாய்ப்பு தரப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது நம் வங்கியிடம் முறையீடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆப்பில் `Dispute` என்று அழுத்தியதும் வரும் பட்டியலில், "இதை நான் செய்யவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதோடு கார்டு முடக்கப்படும். பின் நம்பர் போட்டே பணம் கட்டப்பட்டிருப்பதால் புகாரும் தள்ளுபடியாகும். பொருளை வாங்கியது நான்தான், 400 டாலரை ஏற்கிறேன், என் சம்மதமில்லாமல் ரூபாயாக மாற்றியதை மட்டுமே எதிர்க்கிறேன் என்று தெளிவாக எழுத வேண்டும். இதற்கென்றே விதிகளில் தனி இடம் இருக்கிறது: விசாவில் 12.3, தவறான நாணயம் என்ற தலைப்பு. மாஸ்டர்கார்டில் 4834 என்ற எண்ணின் கீழ் வருகிறது. அந்த எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள். விலைச்சீட்டு, கார்டுச் சீட்டு, குறுஞ்செய்தி, விசா அல்லது மாஸ்டர்கார்டு இணையதளத்தில் அன்றைய தேதிக்குக் காட்டும் விகிதம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். விசாவில் இதற்கு 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம் என்பதால், ஊர் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம்.

வாடிக்கையாளர் சேவையில் "பின் போட்டிருக்கீங்களே சார்" என்பார்கள். பின் நம்பர் நிரூபிப்பது வாங்கியதை மட்டும்தான். நாணயத்துக்கு நாம் சம்மதித்ததை அல்ல. இந்த ஒரு வரியை எழுத்தில் வையுங்கள், தொலைபேசியோடு நிறுத்த வேண்டாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

வெளிநாட்டு ஏடிஎம்மிலும் இதே வலைதான். `Accept conversion`, `Decline conversion` என்று கேட்கும். இரண்டாவதை அழுத்தினால் பணம் வராதோ என்று பயந்தே பலர் முதலாவதை அழுத்துகிறார்கள். மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும். உள்ளூர் நாணயத்தில் கணக்காகும், அவ்வளவுதான். கடையிலும் அதேபோல, கார்டை நீட்டும்போதே "டாலரிலேயே போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்; திரையைப் பார்த்த பிறகே பின் நம்பரைப் போடுங்கள்.