ஏழு நிமிடத் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையா?

ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களில் மாலைக் காற்பந்துப் பயிற்சி முடிய ஏழரை ஆகிவிடும். பிறகு குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், கைப்பேசி. நள்ளிரவில் படுத்து, பள்ளிப் பேருந்துக்காக ஐந்தரைக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான். உங்கள் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் சிலர் மெலடோனின், மெக்னீசியம் மாத்திரைகளைத் தேடுகிறார்கள்.

மெலடோனின் ஆளை மயக்கித் தூங்கவைக்கும் மருந்து அன்று. இருட்டியதும் மூளையின் நடுவிலுள்ள சின்னஞ்சிறிய பீனியல் சுரப்பி, “இரவு வந்துவிட்டது” என்று உடலுக்கு அனுப்பும் செய்தி அது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அந்தச் செய்தி தாமதமாகும். தூக்கக் கோளாறு உள்ளவர்களிடம் நடந்த 19 ஆய்வுகளை 2013-இல் ஒன்றாகக் கணக்கிட்டார்கள். மெலடோனின் எடுத்தவர்கள் சராசரியாக ஏழு நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். மொத்தத் தூக்கம் எட்டு நிமிடம் கூடியது. அதே மாணவர் கைப்பேசியை வைத்துவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால், கிடைப்பது தொண்ணூறு நிமிடம்!

டப்பாவில் எழுதியிருக்கும் அளவையும் நம்ப முடியாது. 2017-இல் கனடாவில் 31 மெலடோனின் பொருள்களைச் சோதித்தார்கள். ஒன்றில் எழுதியதைவிட 83 விழுக்காடு குறைவு. இன்னொன்றில் ஏறக்குறைய ஆறு மடங்கு. மலேசியாவில் பதிவான மருந்துக்கு MAL என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். எண் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மெலடோனின் வேண்டாம், அது ஒரு ஹார்மோன்.

மெக்னீசியத்துக்கான சான்று இன்னும் மெலிது. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஈரானிய ஆய்வில் இருந்தவர்கள் 46 முதியவர்கள். பந்து விளையாடும் பதினாறு வயதுப் பிள்ளைகள் அல்லர். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். இந்த வெயிலில் பயிற்சி செய்பவருக்கு அந்த நீரிழப்பு ஆபத்து. பருப்பு, கீரை, கச்சான் போதும்.

நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. கோலசிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. ஆகவே ஐந்தரைக்கு எழும்போது சூரியக் கணக்கில் மணி நாலேகால்தான். உடலின் கடிகாரம் சூரியனைத்தான் பார்க்கிறது. எனவே ஓய்வு நேரத்தில் வகுப்பிலேயே இருக்காமல் வெளிச்சத்துக்கு வாருங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டு விளக்கைக் குறையுங்கள். பயிற்சிக்குப் பின் தே தாரிக் வேண்டாம். அதிலுள்ள காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் தூக்கம் வராவிட்டாலோ, பலத்த குறட்டை இருந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள். குறட்டைக்குக் காரணம் வீங்கிய டான்சிலாகவும் இருக்கலாம். அதற்கு எந்தத் தூக்க மாத்திரையும் உதவாது.