பீட்டாவை ஏன் ஒன்றின் பக்கம் இழுக்க வேண்டும்?

சந்தை ஒரு சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ ஒரு பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசைகிறது என்பதைச் சொல்லும் எண்தான் பீட்டா. பீட்டா 1 என்றால் அந்தப் பங்கு சந்தையோடு ஒட்டியே நகர்கிறது. 1.8 என்றால் சந்தையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆடுகிறது, 0.4 என்றால் பாதிக்கும் குறைவாகவே அசைகிறது. இதைக் கணக்கிடும் முறை எளிமையானது. கடந்த ஐந்து ஆண்டுகளின் 60 மாதங்களுக்கும் சந்தையின் மாத வருமானத்தைக் கிடை அச்சிலும் பங்கின் வருமானத்தை நெடு அச்சிலும் வைத்து 60 புள்ளிகள் இடப்படும். அவற்றினூடே ரெக்ரஷன் முறையில் ஒரு நேர்கோடு வரைந்தால், அதன் சாய்வே பீட்டா.

இப்படிக் கிடைக்கும் எண் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. பீட்டாவைத் தேடுபவருக்குத் தேவையானதோ வரப்போகும் ஆண்டுகளின் பீட்டா. பழைய எண்ணை அப்படியே எதிர்காலத்துக்குக் கொண்டுபோனால், தவறு ஒரே திசையில் சாய்ந்து நிற்கிறது: உயர்ந்த பீட்டாக்கள் பெரும்பாலும் உண்மையைவிட உயரமாகவும், தாழ்ந்தவை உண்மையைவிடத் தாழ்வாகவும் இருக்கின்றன.

இதற்கு முதல் காரணம் அளவீட்டுப் பிழை. சந்தையின் மாத வருமானத்தின் திட்ட விலக்கம் 5 சதவீதம் என்று கொள்வோம். ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கு, சந்தையோடு தொடர்பில்லாத தன் சொந்தச் செய்திகளால் மட்டும் மாதத்துக்கு 12 சதவீதத் திட்ட விலக்கத்தோடு ஆடுகிறது. சொந்த ஆட்டத்தைச் சந்தையின் ஆட்டத்தால் வகுத்து, அதை மீண்டும் மாத எண்ணிக்கையின் வர்க்க மூலத்தால் வகுத்தால், பீட்டாவின் திட்டப் பிழை கிடைக்கும். 12ஐ 5ஆல் வகுத்தால் 2.4, 60இன் வர்க்க மூலம் ஏறத்தாழ 7.75, ஆகவே திட்டப் பிழை 0.31. ரெக்ரஷன் 1.8 என்று காட்டினாலும், உண்மை 1.2க்கும் 2.4க்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

பிழை இரு பக்கமும் சமமாகத்தானே இருக்கும், 1.8ஐ நடு மதிப்பாக ஏற்றால் என்ன என்ற கேள்வி எழலாம். அந்த ஒரு பங்கைத் தனியே பார்த்தால் கேள்வி நியாயமானது. ஆனால் சந்தையில் நூற்றுக்கணக்கான பங்குகள் இருக்கின்றன. பங்குகளின் சந்தை மதிப்பை எடையாகக் கொண்டு எடுத்தால் எல்லாப் பீட்டாக்களின் சராசரியும் வரையறைப்படி 1. பெரும்பாலான பங்குகளின் உண்மையான பீட்டா அதைச் சுற்றியே திரள்கிறது. எனவே 1.8 என்று அளக்கப்பட்ட பங்குகளை மட்டும் தனியே திரட்டினால், உண்மையிலேயே 1.8 உள்ளவற்றோடு, 1.5 இருந்து பிழையால் மேலே தள்ளப்பட்டவையும் அதில் இருக்கும். 2.1 இருந்து பிழையால் கீழே வந்தவையும் உண்டு, ஆனால் 2.1 உள்ள பங்குகளே அரிது. ஆகவே அந்தக் கூட்டத்தின் உண்மைச் சராசரி 1.8க்குக் கீழேதான் விழும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் சற்றுக் குட்டையாக இருப்பதை 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் விளக்கியபோது அந்தப் போக்குக்கு இட்ட பெயர்தான் ரெக்ரஷன்.

இது பங்குகளில் நடப்பதை அளந்து காட்டியவர் மார்ஷல் புளூம். நியூயார்க் பங்குச் சந்தையின் மாத விவரங்களை ஏழேழு ஆண்டுகளாகப் பிரித்து, ஒரு காலத்தின் பீட்டா அடுத்த காலத்தில் என்ன ஆகிறது என்று 1971இல் வெளியான ஆய்வில் பார்த்தார். 1954இல் முடிந்த ஏழாண்டின் பீட்டாவை 0.677ஆல் பெருக்கி 0.343ஐக் கூட்டினால், 1961இல் முடிந்த ஏழாண்டின் பீட்டா சராசரியாகக் கிடைத்தது. முதல் காலத்தில் 2.0 என்றிருந்தது அடுத்ததில் சுமார் 1.7, 0.5 என்றிருந்தது சுமார் 0.68. இரண்டு ஓரங்களும் நடுவை நோக்கி நகர்ந்தன. வேறு காலங்களில் பெருக்கும் எண் மாறியது. ஆனால் எப்போதும் ஒன்றுக்குக் கீழேயே இருந்தது.

எல்லாவற்றுக்கும் அளவீட்டுப் பிழையே காரணம் என்று புளூம் முடித்துவிடவில்லை. நிறுவனங்களே மாறுகின்றன என்று 1975இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். மிகத் துணிச்சலான தொழிலில் தொடங்கிய நிறுவனம் வளர வளர எடுத்துக்கொள்ளும் புதிய திட்டங்கள், பழையவற்றைப் போல அத்தனை ஓரத்தில் இருப்பதில்லை.

இந்த ஆய்விலிருந்து ஒரு கைக்கணக்கு பிறந்தது: ரெக்ரஷன் பீட்டாவில் மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. புளூம்பெர்க் நிறுவனத்தின் திரையில் தெரியும் திருத்திய பீட்டா இதுதான். 1.8ஐ 0.67ஆல் பெருக்கி 0.33 கூட்டினால் 1.54.

இதன் குறை, எல்லாப் பங்குகளையும் ஒரே விகிதத்தில் இழுப்பது. தெளிவாக அளக்கப்பட்ட பீட்டாவுக்கும் மங்கலாக அளக்கப்பட்டதற்கும் இங்கே வேறுபாடில்லை. 1973இல் ஓல்ட்ரிச் வாசிசெக் இதைச் சரிசெய்தார். பங்குகளின் பீட்டாக்கள் ஒன்றைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது ஒரு தட்டு, அந்தப் பங்கின் திட்டப் பிழை மறு தட்டு. இரண்டின் வர்க்கங்களையும் ஒப்பிட்டு எடை தீர்மானிக்கப்படுகிறது.

உண்மைப் பீட்டாக்களின் பரவல் 0.40 என்று கொண்டால் அதன் வர்க்கம் 0.16. மேலே கண்ட பங்கின் பிழை 0.31, வர்க்கம் 0.096. 0.16ஐ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.62. ஒன்றிலிருந்து விலகிய 0.8இல் 62 சதவீதத்தை மட்டும் நம்பினால், பீட்டா 1.50. அதே 1.8 காட்டும் இன்னொரு பங்கின் சொந்த ஆட்டம் 6 சதவீதம் மட்டுமே என்றால், பிழை 0.155 ஆகக் குறையும், நம்பகம் 87 சதவீதமாக உயரும், பீட்டா 1.70இல் நிற்கும். ரெக்ரஷன் ஒன்றாகக் காட்டிய இரு பங்குகள் இங்கே பிரிந்துவிடுகின்றன.

இந்த வேறுபாடு பணத்தில் தெரியும். ஆபத்தற்ற வட்டி 7 சதவீதம், சந்தைக்கான கூடுதல் வருமானம் 6 சதவீதம் என்றால், பீட்டா 1.8க்கு எதிர்பார்க்க வேண்டிய வருமானம் 17.8 சதவீதம், 1.5க்கு 16. ஆண்டுதோறும் 100 ரூபாய் தரும் ஒரு வருவாய்க்கு முதல் கணக்கில் மதிப்பு 562 ரூபாய், இரண்டாவதில் 625.

இழுப்பு எல்லாவற்றையும் குணப்படுத்தாது. மின்சாரம் வழங்கும் நிறுவனங்களின் பீட்டா பொதுவாகவே ஒன்றுக்குக் கீழ். அவற்றை ஒன்றை நோக்கி இழுப்பதைவிடத் தங்கள் துறையின் சராசரியை நோக்கி இழுப்பதே பொருந்தும். அரிதாக வாங்கி விற்கப்படும் பங்கின் விலை சந்தையின் அசைவைத் தாமதமாகவே காட்டுவதால், அதன் பீட்டா செயற்கையாகக் குறைந்து தெரியும். முந்தைய நாட்களின் சந்தை வருமானத்தையும் கணக்கில் சேர்த்து அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பல பங்குகளைக் கொண்ட தொகுப்புக்கு இழுப்பு குறைவாகவே தேவை, ஏனெனில் தனிப் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த இரு காலப் பீட்டாக்களுக்கு இடையே புளூம் கண்ட ஒட்டுறவுக் கெழு தனிப் பங்குக்கு 0.60, ஐம்பது பங்குகள் கொண்ட தொகுப்புக்கு 0.98.

ஒரு பீட்டா எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சோதிக்க, 60 மாதங்களை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பாதியில் 2.3, மறு பாதியில் 1.2 என்று வந்தால், 1.8 என்ற எண்ணின் பெரும்பகுதி தற்செயல். அதை ஒன்றை நோக்கி அதிகமாகவே இழுக்க வேண்டும்.