முதலில் முடிவது எது?

ஒரே ஒரு சமுதாயக் கூடம். ஒரே நாளுக்கு ஆறு பேர் கேட்கிறார்கள். நாடக ஒத்திகை காலை 8 முதல் 2 வரை, பட்டிமன்றம் 9 முதல் 11 வரை, பரிசளிப்பு 10.30 முதல் 11.30 வரை, புத்தக வெளியீடு 11 முதல் 1 வரை, சங்கக் கூட்டம் 1 முதல் 4 வரை, கச்சேரி 3 முதல் 6 வரை. யாருடைய நேரமும் மோதக்கூடாது. மிகக் குறைவாக எத்தனை பேருக்கு ‘இல்லை’ சொல்ல வேண்டியிருக்கும்?

முதலில் தொடங்குவதற்கே இடம் என்றால், ஒத்திகை இரண்டு மணி வரை கூடத்தை அடைத்துக்கொள்ளும். அதன்பின் கச்சேரி மட்டுமே நடக்கும். குறைந்த நேரம் கேட்பவருக்கு முன்னுரிமை தந்தால், ஒரு மணி நேரப் பரிசளிப்பு பட்டிமன்றத்தையும் புத்தக வெளியீட்டையும் சேர்த்தே தள்ளிவிடும். அப்போதும் இரண்டுதான் நடக்கும்.

முடியும் நேரப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் முடிவது பட்டிமன்றம்; வைத்துக்கொள்வோம். அது முடியுமுன் தொடங்கும் பரிசளிப்பு போகட்டும். 11 மணிக்குத் தொடங்கும் புத்தக வெளியீடு நிற்கும், ஒத்திகை போகும், சங்கக் கூட்டம் நிற்கும், கச்சேரி போகும். மூன்று நடக்கின்றன, மூன்று நீங்குகின்றன.

இதைவிடக் குறைவாக நீக்கவே முடியாதா? முடியாது. நிறுத்திவைத்த மூன்றும் முடியும் தறுவாயைக் கவனியுங்கள். 10.59க்குப் பட்டிமன்றம், பரிசளிப்பு, ஒத்திகை மூன்றுமே கூடத்தைக் கேட்கின்றன. 12.59க்குப் புத்தக வெளியீடும் ஒத்திகையும். 3.59க்குச் சங்கக் கூட்டமும் கச்சேரியும். ஆறில் ஒன்றுகூட இந்த மூன்று கணங்களுக்கு வெளியே இல்லை. ஒரு கணத்தில் ஒன்றுதான் நடக்கலாம் என்பதால், யார் எப்படித் தேர்ந்தெடுத்தாலும் மூன்றுக்கு மேல் போகாது. எந்தப் பட்டியலுக்கும் இது பொருந்தும். நீக்கப்பட்ட ஒவ்வொன்றும், கடைசியாக நிறுத்தியது முடியுமுன் தொடங்கி, அது முடியும்வரையாவது நீள்கிறது. ஆகவே அந்தக் கணத்தில் இரண்டும் மோதியே தீரும். இவ்வளவு எளிய விதிக்கு இத்தனை உறுதியான காவல் இருப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்றை முன்பே தீர்மானித்துவிட வேண்டும்: 11க்கு முடிவதும் 11க்குத் தொடங்குவதும் மோதலா, இல்லையா? கூடத்தைப் பெருக்கக் கால் மணி நேரம் வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் முடிவிலும் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது புத்தக வெளியீட்டுக்கும் இடமில்லை. பட்டிமன்றமும் சங்கக் கூட்டமும் மட்டும் மிஞ்சும், நான்கு நீங்கும்.

இந்த விதி எண்ணிக்கையைத்தான் பார்க்கும், வாடகையைப் பார்க்காது. ஒத்திகைக்கு 20,000 ரூபாய், மற்றவற்றுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் என்றால், நாம் தேர்ந்த மூன்றும் தருவது 15,000. ஒத்திகையும் கச்சேரியும் மட்டும் நடந்தால் 25,000 வரும். வருமானம்தான் குறி என்றால், அதே வரிசையில் போனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நின்று இரண்டு கணக்குப் போட வேண்டும்: இதை விட்டால் இதுவரை கிடைக்கும் அதிகபட்சத் தொகை ஒன்று, இதன் வாடகையோடு, இது தொடங்கும் நேரத்துக்குள் முடிந்தவற்றின் அதிகபட்சத் தொகையைக் கூட்டினால் வருவது மற்றொன்று. பெரியதை எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.