முப்பது நாள் பதிவு நிற்க எத்தனை டி.பி.?

திண்டுக்கல்லில் ஒரு மொத்த மளிகைக் கடை. மாதக் கடைசியில் சரக்கு எண்ணியபோது எண்ணெய் டின்னில் ஆறு குறைந்தது. 8ஆம் தேதி லோடு இறங்கியபோதே குறைந்ததா, பிறகு குடோனிலிருந்து போனதா என்று பார்க்கக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். கேமரா மாட்டுவதுதான் என் தொழில். ரெக்கார்டரில் தேதியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். 20ஆம் தேதிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஒரு மாசம் நிக்கும்னு சொல்லித்தானே தம்பி மாட்டிக் கொடுத்தாங்க?" என்றார்.

ரெக்கார்டர் பழுதாகவில்லை. டிஸ்க் நிறைந்ததும் பழைய நாளை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதுவது அதன் இயல்பு. மாட்டிக் கொடுத்தவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பலரும் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதை வைத்து டிஸ்க்கை முடிவு செய்கிறார்கள். டிஸ்க்கை நிரப்புவது மெகாபிக்சல் அல்ல, பிட்ரேட். அதாவது, கேமரா ஒரு நொடிக்கு எவ்வளவு தரவை அனுப்புகிறது என்பது. ரெக்கார்டரின் அமைப்புப் பக்கத்தில் Max. Bitrate என்ற இடத்தில் அந்த எண் இருக்கும். 2048 என்று இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 2 மெகாபிட். நொடிக்கு 1 மெகாபிட் என்று நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜி.பி. ஆகும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும், மீதியெல்லாம் பெருக்கல்தான்.

அந்தக் கடையில் எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட். மொத்தம் 16. பத்தே முக்காலோடு கொஞ்சம் சேர்த்துப் பெருக்கினால் நாளொன்றுக்கு 172.8 ஜி.பி. உள்ளே இருந்ததோ 2 டி.பி. டிஸ்க். வகுத்தால் பதினொன்றரை நாள். டிஸ்க் காட்டியதும் அதே பதினோரு நாள்தான். (2 டி.பி. டிஸ்க்கை ரெக்கார்டர் 1863 ஜி.பி. என்று காட்டும். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, ரெக்கார்டர் 1024ஆக எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை.)

எத்தனை நாள் வேண்டும் என்பதை டிஸ்க் விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நஷ்டம் நடந்த நாளிலிருந்து அது கண்ணில் படும் நாள் வரை எவ்வளவு இடைவெளி? இவர் மாதம் ஒருமுறை சரக்கு எண்ணுகிறார். அப்படியானால் முப்பது நாள், அதோடு எண்ணி முடித்து, பில்லோடு ஒப்பிட்டு, சந்தேகம் வந்து பார்ப்பதற்குப் பத்து நாள். ஆக நாற்பது. அதற்கு ஏறத்தாழ 7 டி.பி. வேண்டும்.

8 டி.பி. வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் அவருடைய ரெக்கார்டரில் ஒரே ஒரு டிஸ்க் போடத்தான் இடம், அதிலும் 6 டி.பி.க்கு மேல் ஏற்காது. வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று. 6 டி.பி.க்கு 34 நாள்தான் வரும்.

பிட்ரேட்டைப் பாதியாக்கலாமே என்றார். கல்லாவுக்கு மேலிருந்த கேமராவில் செய்து காட்டினேன். கல்லாவில் ஒருவர் 200 ரூபாய் நோட்டை நீட்டினார். நேரலையில் அல்ல, பதிவை ஓட்டிப் பார்த்தால், கை அசையும்போது நோட்டு வெறும் மங்கலான கறையாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட பதிவு நாற்பது நாள் இருந்தும் என்ன பயன்?

அதனால் வேறு வழி. கடை இரவு பத்து முதல் காலை எட்டு வரை பூட்டியிருக்கும். உள்ளே இருக்கும் ஐந்து கேமராக்களை அந்தப் பத்து மணி நேரம் அசைவு தெரிந்தால் மட்டும் பதியச் சொன்னேன். வாசல், பின்கதவு, ஷட்டர் கேமரா மூன்றும் இடைவிடாமல் ஓடட்டும் என்று விட்டேன். இதில் நாளொன்றுக்கு 45 ஜி.பி. வரை மிச்சம். 6 டி.பி.க்கு நாற்பத்தாறு நாள் வர வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம், இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று வரும் கண்காணிப்பு டிஸ்க்கே போட்டேன். Expired Time என்று ஓர் அமைப்பும் உண்டு. அதில் யாராவது 15 என்று வைத்திருந்தால், டிஸ்க்கில் இடம் இருந்தாலும் பதினைந்து நாளில் அழித்துவிடும். அதையும் பார்த்துச் சரி செய்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போய் நாட்காட்டியைத் திறந்தேன். பதிவுள்ள நாட்களில் நிறம் இருக்கும், கடைசி நிறம் எது என்று எண்ணினால் போதும். முப்பத்தொன்பதுதான் இருந்தது. குடோன் கேமராவின் இரவுப் பதிவை ஓட்டினேன். லென்ஸ் எதிரே சிலந்தி வலை கட்டியிருந்தது. இரவு வெளிச்சத்தில் பளபளத்து ஆடும் ஒவ்வொரு முறையும் அசைவு என்று எண்ணி விடிய விடியப் பதிந்திருக்கிறது. ஏணி போட்டு ஏறித் துணியால் துடைத்தேன். மாதம் ஒருமுறை சரக்கு எண்ணும் அன்றே நாட்காட்டியையும் எண்ணச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அவரே போனில் சொன்னார்: நாற்பத்து நான்கு.