தூரம் தெரிந்தால் மட்டும் போதுமா?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் நடத்தி முடித்த கையோடு மாணவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "சமதளத் தரையிலிருந்து எறியப்பட்ட பந்து 40 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் போய் விழுகிறது. அது எவ்வளவு நேரம் பறந்தது? எவ்வளவு உயரம் எழுந்தது? g = 10 மீ/வி² எனக் கொள்க."

மேலோட்டமாகப் படித்தால் குறை எதுவும் தெரியாது. தூரம் இருக்கிறது, ஈர்ப்பு முடுக்கம் இருக்கிறது, கேள்வியும் தெளிவாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரர் உட்கார்ந்தாலும் இதற்கு எண்ணில் விடை வராது. பந்து எந்த வேகத்தில் கிளம்பியது, தரையோடு எந்தக் கோணத்தில் கிளம்பியது என்ற இரண்டும் கணக்கில் இல்லை.

காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், எறிந்த மட்டத்திலேயே வந்து விழும் பொருளின் கிடைத்தள நெடுக்கம் R = u² sin 2θ / g. இதில் u என்பது தொடக்க வேகம், θ என்பது எறிகோணம். நம் கணக்கில் R = 40, g = 10. இரண்டையும் போட்டால் மிஞ்சுவது u² sin 2θ = 400 என்ற ஒற்றை வரி. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. வேகத்தைக் கூட்டி, அதற்கேற்றபடி கோணத்தை மாற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் பந்து அதே 40 மீட்டரில் விழும்.

மூன்று வீச்சுகளைப் போட்டுப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். முதல் பந்தை 45 பாகையில் எறிகிறார்கள். அதற்கு வினாடிக்கு 20 மீட்டர் வேகம் போதும். பந்து 10 மீட்டர் உயரம் எழுந்து, சுமார் 2.8 வினாடியில் விழுகிறது. இரண்டாவது பந்தைத் தாழ்வாக, 15 பாகையில் எறிகிறார்கள். இப்போது வினாடிக்கு 28.3 மீட்டர் வேண்டும். பந்து தரையை ஒட்டிச் சீறிப் போகிறது, உயரம் 2.7 மீட்டரைத் தாண்டவில்லை, ஒன்றரை வினாடிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. மூன்றாவது பந்துக்கும் அதே 28.3 மீட்டர் வேகம்தான், ஆனால் கோணம் 75 பாகை. அது 37 மீட்டர் உயரத்துக்கு, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சி வரைக்கும் ஏறி, ஐந்தரை வினாடி கழித்தே கீழே வருகிறது. மூன்றும் விழுந்த இடம் ஒன்று. பறந்த நேரம் மூன்று விதம், உயரம் மூன்று விதம். இவற்றுள் எதைக் கணக்கின் விடை என்று எழுதுவது?

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கோணம் தரவில்லையே என்று சற்றே தயங்கிவிட்டு, 45 பாகை என்று தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். நெடுக்கம் பெருமமாக இருப்பது 45 பாகையில்தான் என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். அந்த நினைவு கை கொடுக்கிறது. 20 மீ/வி, 2.8 வினாடி, 10 மீட்டர் என்று அழகான எண்களும் கிடைக்கின்றன. விடை அழகாக வந்ததாலேயே சரி என்று தோன்றிவிடுகிறது. ஆனால் பந்தை எறிந்தவர் தன்னால் முடிந்த அளவு தூரம் எறிந்தார் என்று கணக்கில் எங்கும் சொல்லப்படவில்லை. இலக்கில் விழவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. "எறிந்தவரால் எட்டக்கூடிய பெருமத் தொலைவு 40 மீட்டர்" என்று ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால், 45 பாகை என்று எழுத முழு உரிமை வந்திருக்கும்.

சில கணக்குகளில் "2 கிலோ எடையுள்ள பந்து" என்று ஓர் எண்ணையும் சேர்த்துவிடுகிறார்கள். தகவல் கூடியதுபோல் இருக்கும். ஆனால் காற்றுத் தடை இல்லாத இயக்கத்தில் நிறை எந்தச் சமன்பாட்டிலும் நிற்பதில்லை, அடிபட்டுப் போய்விடுகிறது. எத்தனை எண்கள் தரப்பட்டுள்ளன என்று எண்ணுவதால் பயனில்லை. u, θ இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் தகவல் எத்தனை என்றுதான் பார்க்கவேண்டும். இந்தக் கணக்கில் அப்படிப்பட்டது நெடுக்கம் ஒன்றுதான். இன்னும் ஒன்று வேண்டும்.

அந்த ஒன்றை எப்படித் தருவது என்பதில் ஆசிரியருக்கு நிறைய வழி இருக்கிறது. பறக்கும் நேரம் 2 வினாடி என்று சேர்த்தால் கணக்கு உடனே முடிந்துவிடும். 40 மீட்டரை 2 வினாடியில் கடந்ததால் கிடைத்தள வேகம் வினாடிக்கு 20 மீட்டர். மேலேறும் நேரம் 1 வினாடி என்பதால் செங்குத்து வேகம் வினாடிக்கு 10 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் தொடக்க வேகம் 22.4 மீ/வி, கோணம் 26.6 பாகை, உயரம் 5 மீட்டர். வேறு விடைக்கு இடமே இல்லை. பெரும உயரத்தைக் கொடுத்தாலும், உச்சியில் பந்தின் வேகத்தைக் கொடுத்தாலும் இதேபோல் ஒரே விடை வரும்.

தொடக்க வேகத்தைக் கொடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். வினாடிக்கு 25 மீட்டர் என்று கொடுத்தால் sin 2θ = 0.64 ஆகிறது. 19.9 பாகை, 70.1 பாகை என்று இரண்டு கோணங்கள் கிடைக்கின்றன, இரண்டும் சரி. "தாழ்ந்த பாதையில்" என்றோ "நடுவிலுள்ள மரத்தைத் தாண்டி" என்றோ ஒரு குறிப்பு இருந்தால்தான் விடை ஒன்றாகும். வேகத்தை வினாடிக்கு 18 மீட்டர் என்று கொடுத்துவிட்டாலோ sin 2θ = 1.23 என்று வரும். சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டாது. அந்தப் பந்து 40 மீட்டரை எட்டவே எட்டாது.

இந்தக் கடைசி முடிவைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். தூரம் மட்டும் தெரிந்தால் விடை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் தூரம் ஒன்றும் ஊமையல்ல. வேகம் எவ்வளவு என்று அது சொல்லாது, எவ்வளவுக்குக் குறையாது என்று சொல்லும். sin 2θ இன் உச்ச மதிப்பு 1 என்பதால் u² எப்போதும் gR-க்குக் குறையாது. நம் கணக்கில் அது வினாடிக்கு 20 மீட்டர். மேலே உச்சவரம்பு கிடையாது. நேரத்துக்கு இப்படி ஒரு வரம்பும் இல்லை: வேகத்தைக் கூட்டிக் கோணத்தைத் தாழ்த்தினால் நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், கோணத்தை நிமிர்த்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம்.

இதை முதலில் முறையாக எழுதிக் காட்டியவர் கலீலியோ. வீட்டுக் காவலில் இருந்த அவருடைய 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூல் 1638-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் அச்சானது. அதன் நான்காம் நாள் உரையாடல் எறிபொருள்களைப் பற்றியது. அங்கே அவர் தரும் அட்டவணைகளுள் ஒன்றில் தூரத்தை மாற்றாமல், 10000 அலகு என்று நிலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகைக் கோணத்துக்கும் பாதை எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார். அவர் பாதையின் ஏறும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார், ஆகவே அந்த 10000 என்பது முழு நெடுக்கத்தில் பாதி. ஒரு பத்தியில் உச்சியின் உயரம். இன்னொரு பத்தியில், அந்தக் கிடைத்தள வேகத்தைப் பெற ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழவேண்டும் என்ற அளவு. வேகத்தை மீட்டரிலும் வினாடியிலும் சொல்லும் வழக்கம் அன்று இல்லாததால், விழும் உயரத்தாலேயே வேகத்தை அளந்தார். 45 பாகைக்கு நேரே இரண்டு பத்திகளிலும் 5000 என்று நிற்கிறது. அதிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இரண்டின் கூட்டுத்தொகை ஏறுகிறது, அதாவது அதே தூரத்துக்குக் கூடுதல் வேகம் தேவைப்படுகிறது. தூரம் ஒன்று, பாதைகள் பல என்ற இந்தப் பாடத்துக்கு அந்த அட்டவணையைவிட நல்ல படம் இதுவரை யாரும் வரையவில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அட்டவணை மட்டும் பீரங்கி வீரருக்குப் போதவில்லை. தன் பீரங்கியிலிருந்து குண்டு எந்த வேகத்தில் கிளம்புகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த கோணத்தில் ஒருமுறை சுட்டுப் பார்த்து, விழுந்த தூரத்தை அளந்து, அதை வைத்து மற்றக் கோணங்களுக்குக் கணக்கிடுவதுதான் கோட்பாடு தந்த வழி. தூரத்தோடு கோணமும் தெரிந்துவிடுவதால் இரண்டு தகவல் கிடைத்துவிடுகிறது.

வேகத்தை நேரடியாகவே அளக்க வழி செய்தவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விவரித்த கருவி ஓர் ஊசல். கனமான மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் துப்பாக்கிக் குண்டைச் செலுத்துவார். குண்டு மரத்தில் பதிந்ததும் பலகை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அதோடு கட்டியிருந்த நாடா காட்டும். குண்டின் எடையும் பலகையின் எடையும் தெரியுமாதலால், உந்தத்தைக் கணக்கிட்டுக் குண்டின் வேகத்துக்குப் போய்விடலாம். கிடைத்த வேகங்கள் வினாடிக்கு 500 மீட்டர் அளவில் இருந்தன. சூத்திரத்தில் போட்டால் அந்தக் குண்டு 25 கிலோமீட்டர் போகவேண்டும். உண்மையில் அது போனது அதில் மிகச் சிறு பகுதிதான். காற்றின் தடை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் துலக்கமாகத் தெரிந்தது. தூரத்தை வைத்து வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள் எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டிருப்பார்கள் என்பதும் கூடவே தெரிந்தது.

மெதுவாகப் போகும் கனமான பொருளில் இந்தத் தொல்லை குறைவு. குண்டு எறிதலை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வீரர் ரயன் குரௌசர் 2023 மே 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 7.26 கிலோ இரும்புக் குண்டை 23.56 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். அந்த ஒற்றை எண்ணிலிருந்து குறைந்தபட்ச வேகத்தைக் கணக்கிடலாம். குண்டு கையை விட்டது தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே என்பதால் R சூத்திரத்தை அப்படியே போடக் கூடாது. அந்த உயரத்தையும் சேர்த்தால் தொடக்க வேகம் வினாடிக்குச் சுமார் 14.5 மீட்டருக்குக் குறைந்திருக்க முடியாது. அந்தக் குறைந்த வேகத்துக்கான கோணம் 42 பாகைக்கு அருகே வரும். ஆனால் நல்ல எறிவீரர்கள் அதைவிடத் தாழ்வாக, பெரும்பாலும் 40 பாகைக்குக் கீழேதான் எறிகிறார்கள். கைகளும் தோளும் குண்டைச் செங்குத்தாகத் தள்ளுவதைவிடக் கிடையாகத் தள்ளும்போது கூடுதல் வேகம் தருவதுதான் காரணம். இதை அளவு நாடா காட்டித் தராது. குண்டு விரலை விட்ட முதல் சில படங்களை வேகக் கேமராவில் பிடித்து, அடுத்தடுத்த படங்களில் அது எவ்வளவு நகர்ந்தது, எந்தத் திசையில் நகர்ந்தது என்று அளந்துதான் பயிற்சியாளர்கள் வேகத்தையும் கோணத்தையும் தெரிந்துகொள்கிறார்கள்.