கீழ்வீட்டுக் குழாய்க்கு ஏன் இத்தனை வேகம்?

குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போதும் அழுத்தம் உண்டு. தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் கீழிறங்கினால் அது ஏறத்தாழ ஒரு கிலோ கூடும்.

மொட்டைமாடித் தொட்டியுள்ள 20 மாடிக் குடியிருப்பைப் பாருங்கள். மாடிக்கு 3 மீட்டர். 20ஆம் மாடிக் குழாய் நீர்மட்டத்துக்கு 6 மீட்டர் கீழே என்றால், முதல் மாடிக் குழாய் 63 மீட்டர் கீழே. அங்கே ஆறு கிலோவுக்கு மேல்! வாஷர்கள் தேயும், வாட்டர் ஹீட்டர் கசியும்.

வால்வைப் பாதி மூடிவைப்பது தீர்வல்ல. தண்ணீர் ஓடும்போது மட்டுமே அது அழுத்தத்தைக் குறைக்கும். குழாய்களை மூடியதும் முழு அழுத்தமும் திரும்பிவிடும். அழுத்தக் குறைப்பு வால்வோ ஓட்டம் நின்றபோதும் அதைக் கட்டுப்படுத்தும்.

உச்ச வரம்பு மூன்றரைக் கிலோ, அதாவது 35 மீட்டர் என்று கொள்வோம். 11ஆம் மாடியில் 33 மீட்டர்தான். அதுவரை வால்வு வேண்டாம். உச்சி மாடிகளுக்கு அழுத்தம் போதாததால் பூஸ்டர் பம்ப் வேண்டும். பத்தாம் மாடியில் வால்வை ஒரு கிலோவுக்கு வைத்தால், முதல் மாடியில் 37 மீட்டர் ஆகி வரம்பு மீறும். ஆகவே 10 முதல் 6 வரை ஒரு மண்டலம், 5 முதல் 1 வரை இன்னொன்று. இரண்டிலும் கடைசி மாடிக்கு 22 மீட்டர்தான்.

வால்வுக்குள் மணல் சிக்கினால் அது முழுதாக மூடாது. நள்ளிரவில், யாரும் புழங்காதபோது, வால்வுக்குப் பின்னுள்ள பிரஷர் கேஜ் முள் மெல்ல ஏறினால் அதுதான் அறிகுறி. வால்வுக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். பழுதுபார்க்கும்போது பயன்படும் மாற்றுப்பாதையிலும் இன்னொரு குறைப்பு வால்வே இருக்க வேண்டும்.